எத்தனை மணி வரைக்குமான கணக்கு?

மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பிரித்தால் ஒரு வாசகம் தவறாமல் கண்ணில் படும். ‘இன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்’ என்று தொடங்கி, எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் மழை என்று போகும். காலை பத்து மணிக்கு வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் நம் ஊருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். யாரும் வானிலை மையத்தைக் குறை சொல்வதில்லை. எட்டரைக்கு மேல் பெய்தது நாளைய கணக்கில் வரும் என்று அந்த வாசகமே சொல்லிவிடுகிறது.

கணினித் திரையில் எண்களைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. விற்பனை, இருப்பு, வசூல், வருகைப் பதிவு என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாகக் காட்டும் டாஷ்போர்டு இன்று சிறிய நிறுவனங்களிலும் வந்துவிட்டது. அதில் தெரியும் எண்கள் அங்கேயே பிறந்தவை அல்ல. எங்கோ ஒரு கடையின் பில்லிங் மென்பொருளில் பதிவாகி, இணையம் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு வந்து, ஒரு தரவுத்தளத்தில் சேர்ந்து, பிறகுதான் திரைக்கு வருகின்றன. இப்படி ஓர் இடத்துக் கணக்கை இன்னோர் இடத்துக் கணக்கோடு அவ்வப்போது ஒன்றாக்குவதைத்தான் சிங்க் என்கிறார்கள். இந்தச் சங்கிலி நடுவில் எங்கே அறுந்தாலும் திரை காலியாகிவிடாது. கடைசியாக வந்த எண்ணே அதே எழுத்தில், அதே நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தோற்றத்தில் வித்தியாசமே கிடையாது என்பதுதான் இங்கே உள்ள சிக்கல். அதைத் தீர்க்க ஒரு வரி போதும்: இந்தக் கணக்கு எத்தனை மணி வரைக்குமானது. ஆனால் அந்த ஒரு வரியைச் சரியாக எழுதுவது, பார்ப்பதற்குத் தெரிவதுபோல் அவ்வளவு சுலபமில்லை.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மதுரையில் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனம். திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று நான்கு கிளைகள். கிளையில் போடும் ஒவ்வொரு பில்லும் அங்குள்ள கணினியில் பதிவாகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கு மதுரைக்கு வருகிறது. மதுரையில் ஆர்டர் எடுக்கும் பெண் டாஷ்போர்டைப் பார்த்து, எந்தக் கிளையில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து அனுப்பச் சொல்வார்.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் போடியிலிருந்து ஒரு மருத்துவமனை 30 பெட்டி இன்சுலின் கேட்கிறது. திரையில் தேனி கிளைக்கு நேரே 40 என்று இருக்கிறது. பக்கத்தின் தலையில் ‘கடைசியாகப் புதுப்பித்தது: 3.00’ என்றும் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தேனிக்குப் போன் போடுகிறார். “அண்ணே, தேனியில 40 பெட்டி இன்சுலின் இருக்குல்ல, 30 எடுத்து வைங்க.” அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: “நாப்பதா? 35 பெட்டி மத்தியானமே போயிருச்சும்மா. இங்க நெட்டு இல்லாம பதினொண்ணரையிலேர்ந்து தவிச்சிட்டு இருக்கோம்.”

திரை பொய் சொல்லவில்லை. தேனியின் கடைசிக் கணக்கு 11.15-க்கு வந்தது, அப்போது 40 பெட்டி இருந்தது உண்மை. மூன்று மணிக்குப் பக்கம் புதுப்பிக்கப்பட்டதும் உண்மை. மற்ற மூன்று கிளைகளின் புதுக் கணக்கும் அப்போது வந்தது. ஆனால் ஆர்டர் எடுத்தவருக்குத் தேவைப்பட்டது தேனியின் நேரம். திரை காட்டியது பக்கத்தின் நேரம்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு டாஷ்போர்டின் பின்னால் குறைந்தது மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பக்கம் திறந்த நேரம் ஒன்று. சிங்க் வேலை கடைசியாக ஓடிய நேரம் இன்னொன்று. கிளையில் பதிவாகி நம்மிடம் வந்து சேர்ந்த கடைசிக் கணக்கின் நேரம் மூன்றாவது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். அதனால் எதைக் காட்டினாலும் ஒன்றுதான் என்று மென்பொருள் எழுதுகிறவருக்குத் தோன்றிவிடுகிறது. கோளாறு வரும் நாளில்தான் மூன்றும் பிரிகின்றன. அந்த வரி தேவைப்படுவதும் அன்றைக்குத்தான். பயனருக்கு உதவுவது மூன்றாவது நேரம் மட்டுமே. எழுதுவதற்கு மிகச் சுலபமானது முதல் நேரம் என்பதால், நடைமுறையில் அதுதான் அதிகமாகத் திரையேறுகிறது.

இதற்கு மிக எளிய சான்று எக்செல். ஒரு கட்டத்தில் `=NOW()` என்று போட்டு, பக்கத்தில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று தட்டி வைத்திருக்கும் கோப்புகள் நிறைய உண்டு. அந்தச் சூத்திரம் கோப்பைத் திறக்கும்போதும், தாள் மறுபடி கணக்குப் போடும்போதும் அந்த நொடியின் நேரத்தைக் காட்டும். உள்ளே இருப்பது போன மாதக் கணக்காக இருந்தாலும் மேலே இன்றைய தேதி பளிச்சென்று இருக்கும். நேரமே காட்டாத தாள் இதைவிட நல்லது. அது யாரையும் நம்பவைக்காது.

மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ. போன்ற கருவிகளில் இதே தவறு இன்னும் நாசூக்காக நடக்கும். அங்கே தரவைப் புதுப்பிக்க ஓர் அட்டவணை போட்டுவிடலாம். சாதாரணச் சந்தாவில் ஒரு நாளைக்கு எட்டு முறை வரை. அடுத்தடுத்து நான்கு முறை புதுப்பிப்பு தோற்றால் கருவி அட்டவணையையே நிறுத்திவிடும். நிறுத்தியதும் அதை அமைத்தவருக்கு மின்னஞ்சல் போகும். அவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் அந்த மின்னஞ்சலைப் படிக்க ஆளில்லை. அறிக்கையைத் தினமும் பார்க்கும் மேலாளருக்கு எந்த மாற்றமும் தெரியாது. படங்கள் எல்லாம் அழகாகவே இருக்கும். புதுப்பித்த நேரத்தை அந்தக் கருவியே ஓரிடத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால்தான் பார்ப்பார்கள். அந்த நேரமும் முழு உண்மை அல்ல. மூலக் கணக்கு திங்கட்கிழமைதோறும் ஒருவர் கையால் ஏற்றும் எக்செல் கோப்பாக இருந்தால், வெள்ளிக்கிழமை காலை வெற்றிகரமாகப் புதுப்பித்தாலும் உள்ளே வருவது திங்கட்கிழமைக் கணக்குதான்.

நேரத்தைச் சரியான இடத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொண்டாலும், இந்தியாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அடுத்த குழி காத்திருக்கிறது. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். மழைக் கணக்கின் காலை 8.30 என்பதுகூட பொது நேரத்தில் சரியாக மூன்று மணிதான். சர்வரிலிருந்து `2025-03-14T03:30:00Z` என்று வருவது நமக்குக் காலை ஒன்பது மணி. கடைசியில் நிற்கும் அந்த `Z` பொது நேரம் என்பதற்கான அடையாளம். அதைக் கவனிக்காமல் அப்படியே 3.30 என்று திரையில் போட்டுவிட்டால், ஒன்பது மணிக்குக் கடை திறந்தவர் நடுராத்திரியிலிருந்து கணக்கே வரவில்லை என்று பதறிப்போவார். இன்னொரு விதமும் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு வந்த கணக்கு 8.30 என்று தெரியும். காலையில் வந்தது போலிருக்கிறது என்று நினைத்து யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஏமாந்தவர்கள் அந்த வரியைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

பவர் பி.ஐ.யில் இது தெரியாமல் சிக்குபவர்கள் அதிகம். தன் கணினியில் செய்து பார்க்கும்போது உள்ளூர் நேரம் சரியாக வரும். இணையத்தில் ஏற்றியதும் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். காரணம், அங்கே உள்ளூர் என்பது சர்வரின் உள்ளூர். பொது நேரத்தைக் கேட்டு வாங்கி நாமே மாற்றிக்கொண்டால் இரண்டு இடத்திலும் ஒரே நேரம் வரும்:

```
DateTimeZone.SwitchZone(DateTimeZone.UtcNow(), 5, 30)
```

தரவை இழுக்கும் வேலையோடு சேர்த்து இந்த வரியை ஓட விட்டால், கடைசியாக வெற்றிகரமாக இழுத்த நேரம் அதில் உறைந்து நிற்கும். யார் எப்போது திறந்தாலும் மாறாது. ஆனால் இதுவும் இரண்டாவது கடிகாரம்தான். தேனியின் 11.15-ஐப் பிடிக்க வேண்டுமென்றால் கிளைவாரியாகத்தான் பார்க்க வேண்டும்.

அதைச் செய்யப் போனால் ஒரு சுவாரசியமான சங்கடம் முளைக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் கடைசியாகப் போட்ட பில்லின் நேரத்தை எடுத்துக் காட்டிவிடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். சிவகங்கையில் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை வியாபாரமே இல்லை என்றால்? கடைசி பில் 12.55. இணைப்பு நன்றாக இருக்கிறது, கணக்கும் சரியாக இருக்கிறது, ஆனால் திரையில் இரண்டு மணி நேரப் பழசு மாதிரி தெரியும். இணைப்பு அறுந்த தேனியும் வியாபாரம் மந்தமான சிவகங்கையும் ஒரே மாதிரி தோற்றம் கொடுத்தால் அந்த வரியால் பயனில்லை.

இதற்கு வழி, சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் ஆஜர் சொல்ல வைப்பது. கிளைக் கணினி 15 நிமிடத்துக்கு ஒருமுறை பில்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சிறு பதிவை அனுப்ப வேண்டும்: இந்த நேரம் வரை என்னிடம் உள்ள எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். மதுரையில் எல்லாக் கணக்கும் ஒழுங்காகச் சேமிக்கப்பட்ட பிறகே அந்தப் பதிவைக் குறிக்க வேண்டும். அனுப்பத் தொடங்கும்போதே குறித்துவிட்டால் பாதியில் அறுந்ததும் முழுதாக வந்ததாகக் கணக்காகிவிடும். இந்த ஆஜர் பதிவின் நேரம்தான் திரையில் வர வேண்டிய நேரம்.

கிளைக் கணினியின் கடிகாரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இதோடு ஒட்டிய கேள்வி. பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். யாரோ கையால் திருத்தும்போது காலை மாலை மாற்றி வைத்துவிடுவதும் நடக்கும். அப்போது திரையில் இன்னும் வராத நேரம் தெரியும்: இப்போது மூன்று மணி, கணக்கோ இரவு எட்டு மணி வரை. ஆகவே ஆஜர் பதிவு வரும் கணத்தில் மதுரை சர்வர் தன் நேரத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி சில நிமிடங்களைத் தாண்டினால் அந்தக் கிளையின் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டியதுதான்.

இனி அந்த வரியை எப்படி எழுதுவது? ‘சிங்க் வெற்றி’ என்பது மென்பொருள்காரரின் திருப்திக்கு எழுதியது. பச்சை நிறப் புள்ளி எனக்கு அதைவிடப் பிடிக்காத ஒன்று. அது எதைச் சொல்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதைச் சிவப்பாக்க வேண்டிய நிரல் செத்துப்போனால் பச்சை பச்சையாகவே இருக்கும். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் அதுவும் இல்லை. தேனியின் 40 என்ற எண்ணுக்கு அருகிலேயே இப்படி இருந்தால் போதும்: ‘14 மார்ச், பகல் 11.15 வரையிலான கணக்கு. வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும்.’ இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதலாவதுக்குப் பாதி அர்த்தம்தான். மூன்று மணிக்குப் பார்க்கும்போது 11.15 என்பது வழக்கமா, கோளாறா என்று முடிவெடுக்க, எவ்வளவு அடிக்கடி வர வேண்டியது என்பது தெரிந்தாக வேண்டும். நாளுக்கு ஒருமுறை வரும் கணக்கில் காலை நேரம் இருந்தால் கவலையே இல்லை.

‘2 நிமிடங்களுக்கு முன்’ என்று காட்டும் பாணி இப்போது பரவலாக இருக்கிறது. அலைபேசியில் படிக்கச் சுகம்தான், ஆனால் அதில் இரண்டு ஆபத்துகள். அந்த வாசகம் பக்கம் திறந்தபோது ஒருமுறை மட்டும் எழுதப்பட்டு அப்படியே நின்றுவிடலாம். காலையில் திறந்த பக்கத்தை மூடாமல் விட்டால் மாலையிலும் ‘2 நிமிடங்களுக்கு முன்’ என்றே இருக்கும். மற்றது வாட்ஸ்அப். நம் அலுவலகங்களில் டாஷ்போர்டை நேரே திறந்து பார்ப்பவர்களைவிட, யாரோ குழுவில் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்ப்பவர்களே அதிகமாக இருப்பார்கள். மறுநாள் காலையில் அந்தப் படத்தைத் திறப்பவருக்கு ‘2 நிமிடங்களுக்கு முன்’ என்பதும் சரி, ‘இன்று’ என்பதும் சரி, ஒன்றும் சொல்லாது. தேதியும் நேரமும் எழுதியிருந்தால் படம் எத்தனை கை மாறினாலும் கூடவே போகும். தேதியிலும் 03/04 என்று போட்டால் மார்ச்சா ஏப்ரலா என்று விவாதம் நடக்கும். மாதத்தின் பெயரையே எழுதிவிடலாம். காலை, பகல், மாலை, இரவு என்ற சொற்கள் நம்மிடம் இருக்கும்போது 12.15-ஐ வெறும் எண்ணாகக் காட்டி யாரையும் குழப்ப வேண்டியதில்லை.

நான்கு கிளைகளையும் கூட்டி மொத்த இருப்பு காட்டும் கட்டத்துக்கு எந்த நேரம் போடுவது? இருப்பதிலேயே பழைய நேரத்தை. மூன்று மணிக்குப் பார்க்கும் மொத்தத்தில் தேனியின் பங்கு 11.15-க்கு உரியதென்றால், அந்த மொத்தம் முழுமையாக உண்மையாக இருந்தது 11.15 வரைதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் இங்கே வழக்கமாகப் புதிய நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள், கேட்டால் மற்ற மூன்று கிளை சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். எந்தக் கிளை பின்தங்கியிருக்கிறது என்று பெயர் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் திருப்தி: ‘தேனி தவிர மற்றவை 3.00 வரை, தேனி 11.15 வரை.’

எச்சரிக்கை எப்போது கொடுப்பது என்பதை அவரவர் வேலைதான் தீர்மானிக்க வேண்டும். 15 நிமிடக் கணக்கு ஒருமுறை தவறினால் கூச்சல் போடத் தேவையில்லை. கிராமப்புற இணையத்தில் அது அன்றாடம். மூன்று முறை தொடர்ந்து தவறி, முக்கால் மணி நேரம் தாண்டினால் எண்ணையே மங்கலாக்கி, ‘கிளைக்குப் போன் செய்து உறுதிசெய்யவும்’ என்று எழுதலாம். இரவு கடை அடைத்து, கணினியையும் அணைத்த பிறகு இந்த எச்சரிக்கை வரக் கூடாது. தினமும் இரவில் சிவக்கும் திரையைப் பார்த்துப் பழகியவர் பகலில் சிவந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இவ்வளவு செய்தாலும் இந்த வரியால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது அதற்குப் பேர்போன உதாரணம். அங்கே கொரோனா தொற்று எண்ணிக்கை தினமும் வெளியானது. ஆனால் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அந்த எண்ணிக்கையில் சேராமல் விட்டுப்போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்செல் கோப்புக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை; மிஞ்சிய வரிகள் விழுந்துவிட்டன. பரிசோதித்துக்கொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்ல வேண்டிய பிரிவுக்குத்தான் தகவல் தாமதமானது. அந்த நாட்களில் தேதி எல்லாம் புதியதாகவே இருந்தது. குறைந்தது உள்ளே இருந்தது.

நேரம் புதிதா என்பது ஒரு கேள்வி, கணக்கு முழுதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்கு ஓரளவு உதவுவது எண்ணிக்கை: ‘தேனி: 3.00 வரை, இன்று 62 பில்கள்.’ வழக்கமாக இந்நேரத்துக்கு நூற்றைம்பது பில் போடும் கிளை என்று தெரிந்தவருக்கு, 62 என்பதே சந்தேகப்படப் போதும். கிளையில் போட்ட பில்லின் கடைசி வரிசை எண்ணையும் மதுரைக்கு வந்ததையும் ஒப்பிட்டால் இன்னும் உறுதி.

உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு ‘கடைசியாகப் புதுப்பித்தது’ வரி இருந்தால், அது எந்தக் கடிகாரம் என்று கண்டுபிடிக்க நிரலைப் படிக்க வேண்டியதில்லை. கூட்டமில்லாத ஒரு மதிய வேளையில், சொல்லிவைத்துக்கொண்டு, ஒரு கிளையின் இணைய ஒயரை ஒரு மணி நேரம் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் அங்கே இரண்டு பில் போடட்டும். இங்கே பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள். நேரம் முன்னே நகர்ந்தால் அது பக்கத்தின் அல்லது சர்வரின் கடிகாரம். ஒயரைப் பிடுங்கிய நேரத்திலேயே நின்றால் கிளையின் கடிகாரம். பிறகு ஒயரைச் செருகச் சொல்லி, அந்த இரண்டு பில்லும் வந்து சேரும் வரை காத்திருங்கள். பில் வருவதற்கு முன்பே நேரம் மாறிவிட்டால், மென்பொருள் எழுதியவரைக் கூப்பிட்டு ஆஜர் பதிவை எந்தக் கட்டத்தில் குறிக்கிறார் என்று கேட்க வேண்டும்.